சின்னவனின் தமிழில் எதைக் கவனிப்பது

வெள்ளவத்தை,
கொழும்பு.

அன்புள்ள மகளுக்கு,

மெல்போர்னிலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. உன் சின்னவன் பாதி இங்கிலீசில் கதைக்கிறான், தமிழ் அவனோடு முடிந்துவிடுமோ என்று கவலைப்பட்டு எழுதியிருக்கிறாய். இத்தனை வருசம் மொழியியல் படிப்பித்தவன் என்பதால், டெலிபோனில் இரண்டு ஆறுதல் வார்த்தை சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அதனால் இந்த நீளக் கடிதம்.

முதலில், நீ எதற்குக் கவலைப்படுகிறாயோ அதற்குக் கவலைப்படத் தேவையில்லை. "பஸ்ஸை மிஸ் பண்ணிப்போட்டன்" என்று அவன் சொன்னதை உதாரணம் காட்டியிருக்கிறாய். அந்த வசனத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார். பஸ் என்ற சொல்லுக்கு ஐ உருபு சரியான இடத்தில் வந்திருக்கிறது. மிஸ் என்பதற்குப் பின்னால் பண்ணி, அதன் மேல் போட்டு, கடைசியில் தன்மை விகுதி. இரண்டு சொல் இங்கிலீஸ், எலும்புக்கூடு முழுக்கத் தமிழ். இங்கே காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கிற ஆட்களும் இப்படித்தான் கதைக்கிறார்கள். வெளியிலிருந்து வந்த சொல் நம்முடைய உருபைப் போட்டுக்கொள்கிறது என்றால் மொழி உயிரோடு வேலை செய்கிறது என்று அர்த்தம்.

எனக்குக் கவலை தந்தது வேறு. போன ஞாயிறு அவன் என்னோடு கதைத்தபோது முழுக்கத் தமிழ்ச் சொற்களில் மூன்று வசனம் சொன்னான். "நான் வீடில் இருக்கிறன்." "மரமில் ஒரு குருவி." "நான் பசிக்குது." ஒரு இங்கிலீஸ் சொல்லும் இல்லை. நீ பக்கத்தில் இருந்து சிரித்தாய். ஆனால் மொழி கழலத் தொடங்கும் இடம் இதுதான். வீடு வீட்டில் ஆகும், மரம் மரத்தில் ஆகும், ஆறு ஆற்றில் ஆகும். சொல்லின் அடி மாறும் இந்த வழி அவனுக்குக் கைவிட்டுப் போகிறது. 'இல்' தெரிகிறது, அதை எந்தச் சொல்லிலும் அப்படியே ஒட்டிவிடுகிறான். பசி விசயத்தில் 'எனக்கு' என்ற அமைப்பே போய், இங்கிலீஸ் எழுவாய் வந்து உட்கார்ந்திருக்கிறது. இங்கே மூன்று வயதுப் பிள்ளையும் வீடில் என்று சொல்லக்கூடும். ஆனால் வீட்டில், முற்றத்தில், கடையில் திரும்பத் திரும்பச் சரியான வடிவத்தைக் கேட்டு, பள்ளிக்கூடம் போவதற்குள் அது தானாக விழுந்துவிடும். சின்னவனுக்கு ஒன்பது வயது.

இது எங்கே போய் முடியும் என்பதை நீ இருக்கும் அவுஸ்திரேலியாவிலேயே ஒருவர் படிப்படியாகப் பார்த்து எழுதியிருக்கிறார். வட குயின்ஸ்லாந்தில் டல்லி ஊருக்கு அண்மையில் ஜம்பன் என்ற பழங்குடிக் குடியிருப்பு. அவர்களின் மொழி டியர்பல். 1963 முதல் டிக்சன் என்பவர் அங்குள்ள பெரியவர்களிடம் கேட்டு அதன் இலக்கணத்தை எழுதினார். பிறகு அனெட் ஷ்மிட் அதே ஊரின் இளம் ஆட்கள் எப்படிக் கதைக்கிறார்கள் என்று ஆராய்ந்து 1985இல் வெளியிட்டார். ஒரே ஊர், ஒரே குடும்பங்கள், இரண்டு தலைமுறை. இவ்வளவு தெளிவாக ஒப்பிட்டுப் பார்க்க வசதியான இடம் குறைவு.

பெரியவர்களின் டியர்பலில் 'மனிதன் பெண்ணைப் பார்த்தான்' என்பதை இப்படிச் சொல்வார்கள்: பலன் ஜுகும்பில் பங்குல் யரங்கு புரன். நம்மைப் போலச் சொற்களை முன்பின்னாகப் போடலாம், அர்த்தம் மாறாது. நாம் பார்க்கப்பட்டவளுக்கு ஐ போடுகிறோம், அவர்கள் பார்த்தவனுக்கு உருபு போடுகிறார்கள். யர என்றால் மனிதன், அவன் செயலைச் செய்தால் யரங்கு. இந்த உருபு சொல்லுக்குச் சொல் வடிவம் மாறும். இரண்டு அசைச் சொல் உயிரில் முடிந்தால் 'ங்கு', சொல் அதைவிட நீண்டால் 'கு', மெல்லினத்தில் முடிந்தால் அதற்கு இனமான வல்லினம். பெண் செயலைச் செய்தால் ஜுகும்பில் என்பதன் கடைசி மெய் விழுந்து ஜுகும்பிரு ஆகும். நம் வீட்டில், மரத்தில் போலத்தான், சொல்லின் கடைசி எழுத்தைப் பார்த்து வடிவம் மாறும்.

ஷ்மிட் பார்த்த இளையவர்களில் நன்றாகக் கதைப்பவர்களிடம் இந்த வடிவங்களில் பெரும்பாலானவை இருந்தன. கொஞ்சம் குறைவாகக் கதைப்பவர்களிடம் அரிய வடிவங்கள் முதலில் விழுந்தன. அதற்கும் கீழே எல்லாச் சொல்லுக்கும் 'கு' ஒன்றே. கடைசிப் படியில் உருபே இல்லை. அப்படியானால் யார் பார்த்தது, யாரைப் பார்த்தது என்று எப்படித் தெரியும்? இங்கிலீசைப் போலச் செய்பவர் முன்னால், செயல் நடுவில், மற்றவர் பின்னால் என்று வரிசை இறுகிவிட்டது. சொற்களெல்லாம் டியர்பல்தான், ஆனால் சொற்களைச் சுதந்திரமாக இடம் மாற்றும் வசதி போய்விட்டது.

நம் ஆண்பால், பெண்பால் போலப் பெயர்ச்சொற்களைப் பிரிக்கும் வகுப்புகளுக்கும் இதே கதி. பெரியவர்களிடம் நாலு வகுப்பு. ஆண்களும் பெரும்பாலான விலங்குகளும் ஒன்று. பெண்களோடு நீரும் நெருப்பும் சேர்ந்து ஒன்று. உண்ணக்கூடிய காய்கனிகளுக்குத் தனியாக ஒன்று. மீதி எல்லாம் நாலாவது. இளையவர்களிடம் காய்கனி வகுப்பு அழிந்துபோனது. குறைவாகக் கதைப்பவர்களிடம் பெண்கள் வகுப்பில் பெண்கள் மட்டும் மிஞ்சினார்கள். ஏன் நெருப்பு அங்கே இருந்தது என்பதற்கான காரணங்கள் கதைகளிலும் நம்பிக்கைகளிலும் இருந்தன. கதை சொல்பவர் இல்லாத இடத்தில் அந்த வகுப்பு நிற்க முடியவில்லை.

மொழி மாறுவதெல்லாம் இழப்புத்தானா என்று நீ கேட்பாய். இல்லை. கொழும்பிலேயே கொம்பனித்தெருவில் மலாய்க் குடும்பங்கள் இருக்கின்றன. ஒல்லாந்தர் காலம் முதல் போர்வீரர்களாகவும் நாடுகடத்தப்பட்டவர்களாகவும் வந்தவர்களின் வழி. இந்தோனேசியா, மலேசியா பக்கத்து மலாயில் 'கண்டிக்கு' என்பதற்கு ஊர்ப்பெயருக்கு முன்னால் 'கெ' என்று வரும். இங்குள்ள மலாயில் ஊர்ப்பெயருக்குப் பின்னால் 'நங்' ஒட்டி, கண்டிநங் என்று ஆகும், நம் 'கு' நிற்கும் அதே இடத்தில். வினையும் வசனத்தின் கடைசிக்குப் போய்விட்டது. தமிழோடும் சிங்களத்தோடும் தலைமுறை தலைமுறையாகப் பழகி, பிள்ளைகள் முழுமையாகக் கற்று எடுத்த மாற்றம் அது. ஒரு கருவி போன இடத்தில் இன்னொரு கருவி வந்தது, அது எல்லாருக்கும் பொதுவானது. ஜம்பனில் நடந்தது அப்படியில்லை. ஒவ்வொரு இளையவரும் ஒவ்வொரு படியில் நின்றார். அவருக்கு அடுத்தவர் இன்னும் ஒரு படி கீழே. சின்னவன் சொல்லும் 'வீடில்' எந்த வகை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மெல்போர்னில் எல்லாத் தமிழ்ப் பிள்ளைகளும் கூடி ஒரு புது விதி உண்டாக்கி அதைத் தங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்தால், அன்று அதை நான் வேறு மாதிரிப் பார்ப்பேன்.

உருபில் பிழை வராமல் இருந்தாலே போதும் என்றும் நினைத்துவிடாதே. நான்சி டோரியன் என்பவர் வட ஸ்கொட்லாந்தின் கிழக்குக் கரையில் மூன்று மீனவ ஊர்களில் கெய்லிக் மொழியைப் பல வருசம் ஆராய்ந்தார். கடைசித் தலைமுறை அரைகுறையாகக் கதைத்தாலும் அதன் இலக்கணத்தில் இன்னும் நிறைய நுணுக்கம் மிச்சமிருந்தது. மொழி எப்போதும் முழுவதும் தேய்ந்து எளிமையாகி அப்புறம்தான் சாகும் என்றில்லை. கதைக்க ஆள் இல்லாமல், பெரும்பாலான இலக்கணத்தோடேயே போய்விடவும் கூடும். ஆகவே பிழை குறைவு என்பதைவிட, அவன் யாரோடு, எத்தனை பேரோடு கதைக்கிறான் என்பதுதான் எனக்கு முக்கியம்.

இன்னொரு அடையாளம் பிழையாகத் தெரியாது, அதனால்தான் தப்பிவிடும். தென் கலிபோர்னியாவின் குபேன்யோ, லுயிசேன்யோ மொழிகளை ஆராய்ந்த ஜேன் ஹில், பேசுவோர் குறையக் குறைய, வசனத்துக்குள் வசனம் வைத்துப் பேசுவது குறைந்துகொண்டு வந்ததை 1973இல் எழுதினார். நம்மில் அது இப்படி இருக்கும். உன் அம்மா "நேற்று வந்த மாமா கொண்டுவந்த மாம்பழம் புளிக்குது" என்பாள். சின்னவன் "மாமா நேற்று வந்தார். அவர் மாம்பழம் கொண்டுவந்தார். அது புளிக்குது" என்பான். ஒவ்வொரு வசனமும் சரி, எந்த வாத்தியாரும் சிவப்பு மை போடமாட்டார். ஆனால் 'வந்த', 'கொண்டுவந்த' என்று பெயருக்கு முன்னால் வினையை வைக்கும் வழியை அவன் தொடுவதே இல்லை. இதைப் பார்க்க வேண்டுமானால் மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்காதே. ஒரு சம்பவத்தைச் சொல்லச் சொல்லு, போனில் பதிவு செய், பிறகு நீ தனியாகக் கேள்.

இப்போது நீ செய்யக்கூடாத ஒன்று. அவன் வீடில் என்றதும் "வீட்டில், வீட்டில்!" என்று இடைமறிக்காதே. ஜம்பனிலும் பெரியவர்கள் இளையவர்களைத் திருத்திக்கொண்டே இருந்தார்கள். பெரியவர்கள் முன்னால் இளையவர்கள் இங்கிலீசுக்குப் போய்விட்டார்கள். தங்களுக்குள் மட்டும், தாங்கள் ஒரு கூட்டம் என்று காட்ட, அந்த உடைந்த டியர்பலைக் கதைத்தார்கள். நன்றாகத் தெரிந்தவர்களிடம் கேட்டுக் கற்க வேண்டிய நேரம் அப்படியே போனது. அவன் "வீடில் யாரும் இல்லை" என்றால் நீ "ஓ, வீட்டில் ஒருத்தரும் இல்லையா? அப்பா வீட்டிலிருந்து எப்ப போனவர்?" என்று கேட்டுக் கதையைத் தொடர். சரியான வடிவம் அவன் காதில் இரண்டு தரம் விழும், வெட்கம் ஒன்றும் இல்லை.

அழிந்துகொண்டிருக்கும் பழங்குடி மொழிகளுக்காகக் கலிபோர்னியாவில் 1990களில் தொடங்கிய ஒரு முறை இருக்கிறது. மொழி தெரிந்த ஒரு முதியவரும் கற்கும் ஒருவரும் ஜோடியாகி, வாரத்தில் பத்து மணிநேரத்துக்குக் குறையாமல் அந்த மொழியிலேயே வாழ்வார்கள். பாடம் கிடையாது. சமைப்பது, துணி மடிப்பது, கடைக்குப் போவது. தெரியாத சொல்லைக் கையைக் காட்டித் தெரியப்படுத்துவார்கள், இங்கிலீஸ் வராது. நம்மால் பத்து மணிநேரம் முடியாது. ஆனால் முறையை எடுத்துக்கொள்ளலாம்.

அம்மாவோடு கதைத்துவிட்டேன். ஞாயிறு உங்கள் மாலை ஐந்து மணி, இங்கே பகல் பன்னிரண்டரை. அவள் சமைக்கும்போது போனை அடுப்புப் பக்கம் வைப்பாள், சின்னவன் உன் குசினியில் அதையே செய்யட்டும். "சட்டியிலே போடு, தட்டிலே எடு, அடுப்பிலிருந்து இறக்கு, வெட்டின வெங்காயத்தைத் தா" என்று வேலையே உருபுகளையும் வெட்டின, வறுத்த, அரைச்ச எல்லாவற்றையும் கொண்டுவரும். நீ பக்கத்தில் நின்று மொழிபெயர்க்காதே, அவன் தடுமாறட்டும். உன் சினேகிதியின் மகளும் அவன் வயதுதானே, அவளையும் கூப்பிடு. தன் வயதுப் பிள்ளையோடு தமிழ் கதைக்க அவனுக்கு இப்போது ஒருத்தரும் இல்லை. நானும் அம்மாவும் எவ்வளவு கதைத்தாலும் அந்த இடத்தை நிரப்ப முடியாது.

வருகிற ஞாயிறு பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும். தேங்காய்ப்பால் டின் வாங்கி வை. மருமகனைக் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
அப்பா