டிசம்பரில் தேர்வு, ஏரிக்கரையில் பொறியாளர்

ஆசிரியருக்கு வணக்கம்.

'அரசுப் பொறியியல் துறைகளில் வேலை தெரிந்தவர் மேலே வருவதில்லை, முன்னால் சேர்ந்தவர்தான் வருகிறார். பணிமூப்பு முறையையே ஒழிக்க வேண்டும்' என்று சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். தமிழ்நாடு பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்து உதவி செயற்பொறியாளராக ஓய்வுபெற்றவன் நான். அவருடைய கோபம் புரிகிறது. ஆனால் அது வேறு இடத்தில் போய் விழுந்திருக்கிறது.

உதவிப் பொறியாளர், உதவி செயற்பொறியாளர், செயற்பொறியாளர், கண்காணிப்புப் பொறியாளர், தலைமைப் பொறியாளர் என்று போகிற ஏணி இது. ஒவ்வொரு படியிலும் பணிமூப்பு தீர்மானிப்பது வரிசையை மட்டும்தான். அந்த வரிசையில் நிற்கவே தகுதி வேண்டும்: கல்வி, தகுதிகாண் பருவம் முடித்தது, கடும் தண்டனைக்கு வழிவைக்கும் 17(பி) விதியின் கீழ் நிலுவையில் குற்றச்சாட்டு இல்லாதது, அப்புறம் துறைத் தேர்வு. பணிமூப்பு தகுதிக்கு ஈடாகாது என்று உச்ச நீதிமன்றம் 1988-லேயே பிரபா தேவி வழக்கில் சொல்லிவிட்டது. ஆக, மூத்தவர் என்பதற்காக மட்டும் யாரும் மேலே போவதில்லை. பதவி உயர்வை அடிக்கடி முடிவு செய்வது, நாங்கள் 'பேனல்' என்று சொல்லும் தேர்ந்தோர் பட்டியலின் தேதிதான். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது தெரிவதில்லை.

பேனல் என்பது ஓர் ஆண்டில் மேல்பதவியில் எத்தனை இடம் காலியாகும் என்று கணக்கிட்டு, அத்தனை பேருக்குப் போடும் பட்டியல். ஓய்வுபெறுவோர், அதற்கும் மேல்பதவிக்குப் போவோர், புதிதாக உருவாகும் இடங்கள் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். ஒவ்வொரு பேனலுக்கும் ஒரு தகுதி நாள் உண்டு. அந்த நாளில் எல்லாத் தகுதியும் கையில் இருக்க வேண்டும். பட்டியல் வெளியாவது அதற்குப் பத்து மாதம் கழித்தாக இருந்தாலும், பார்க்கப்படுவது அந்த நாள்தான்.

என் கதையையே சொல்கிறேன். எங்களுக்குக் கட்டாயமான துறைத் தேர்வு, பொதுப்பணித் துறை அலுவலர்கள் மற்றும் சார்நிலையாளர்களுக்கான கணக்குத் தேர்வு. தேர்வாணையம் துறைத் தேர்வுகளை ஆண்டுக்கு இரண்டு முறை, மே மாதமும் டிசம்பர் மாதமும் நடத்துவது வழக்கம். நான் பாசனப் பிரிவில் இருந்தேன். டிசம்பர் என்றால் வடகிழக்குப் பருவமழை. அந்த ஆண்டு என் பொறுப்பில் இருந்த ஏரிகளில் ஒன்றின் கரையில் கசிவு கண்டது. மூன்று நாள் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டு இரவும் பகலும் அங்கேயே கிடந்தோம். தேர்வு இரண்டாம் நாள். நுழைவுச் சீட்டு வீட்டு மேசையில் இருந்தது.

சரி, மே மாதம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டேன். எழுதினேன், தேறினேன். ஆனால் பேனலின் தகுதி நாள் ஏப்ரல் முதல் தேதி. பட்டியல் வெளிவந்தது அடுத்த ஆண்டு பிப்ரவரியில். அப்போது என் பணிப்பதிவேட்டில் தேர்ச்சிக் குறிப்பு ஏறி மாதக் கணக்காகியிருந்தது. என்றாலும் என் பெயர் இல்லை. என்னைவிட 17 இடம் கீழே இருந்தவர், கட்டடப் பிரிவில் இருந்தவர், முந்தைய மே மாதமே தேர்வை முடித்தவர், அவர் பெயர் இருந்தது. அவர்மேல் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை.

ஒரு வருடம்தானே, அடுத்த பேனலில் வந்திருப்பீர்களே என்று கேட்பார்கள். வந்தேன், முதல் பெயராகவே வந்தேன். ஆனால் மேல்பதவியில் பணிமூப்பு புதிதாகத் தொடங்கும். முந்தைய பேனலில் வந்த அத்தனை பேரும் அங்கே எனக்கு மூத்தவர்களாகிவிட்டார்கள். செயற்பொறியாளர் இடம் குறைவு, அதனால் வரிசையில் ஒவ்வோர் இடமும் முக்கியம். அந்த 17 இடம் கீழே இருந்தவர் செயற்பொறியாளராக ஓய்வுபெற்றார். என் முறை வரும்போது எனக்கு ஓய்வுக்கு நான்கு மாதம் இருந்தது. பட்டியலோ ஆறு மாதம் தாமதம். ஒரே பதவியில் பத்து, இருபது ஆண்டு முடித்தால் கிடைக்கும் தேர்வுநிலை, சிறப்புநிலை ஊதியம் பணத்தில் ஓரளவு ஈடுகட்டியது உண்மைதான். ஆனாலும் பழைய ஓய்வூதியத் திட்டத்தில் ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தை வைத்துத்தான் என்பதால், ஒரு டிசம்பர் நாளின் விலையை மாதாமாதம் செலுத்திக்கொண்டிருக்கிறேன்.

பட்டியல் தாமதமாகும்போது அலுவலகங்கள் இன்னொன்றும் செய்யும். காலி இடத்துக்குக் 'கூடுதல் பொறுப்பு' அல்லது தற்காலிகப் பதவி உயர்வு கொடுப்பார்கள். அதில் இரண்டு ஆண்டு வேலை பார்த்தவர், அந்த இரண்டு ஆண்டும் பணிமூப்பில் சேரும் என்று நம்பிக்கொண்டிருப்பார். மகாராஷ்டிரத்தில் நேரடி நியமனப் பொறியாளர்கள் சங்கம் தொடுத்த வழக்கில் 1990-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தெளிவாகச் சொன்னது: விதிப்படி நியமிக்கப்பட்டால் நியமன நாளிலிருந்தே பணிமூப்பு, விதிப்படி இல்லாமல் இடைக்கால ஏற்பாடாக இருந்த காலம் கணக்கில் வராது. ஆகவே தற்காலிக ஆணை கையில் வரும்போது, எந்த விதியின் கீழ் என்ற வரியை முதலில் பாருங்கள். சம்பளத்தைப் பிறகு பார்க்கலாம்.

இதனால் கணக்குத் தேர்வையே தூக்கிவிடச் சொல்லவில்லை. கட்டுமானம் தெரிந்து கணக்கு தெரியாத பொறியாளர் ஆபத்தானவர். செய்த வேலையின் அளவுகளைப் பதியும் அளவுப் புத்தகத்தில் தவறாக எழுதியதை அழிக்கக் கூடாது, குறுக்கே கோடிட்டுச் சுருக்கொப்பம் இட வேண்டும், பக்கத்தைக் கிழிக்கவே கூடாது. ஒரு வேலைக்கு எடுத்த சிமென்ட்டை நிதி மிச்சமிருக்கும் இன்னொரு வேலையின் கணக்கில் எழுதக் கூடாது. இதெல்லாம் படிக்காமல் வேலைக்கு வந்து, 'எல்லோரும் இப்படித்தான் எழுதுகிறார்கள்' என்று கையெழுத்துப் போட்டு, பத்து ஆண்டு கழித்து தணிக்கைக் குறிப்பும் 17(பி) குறிப்பாணையும் வாங்கி, பேனலில் பெயர் தள்ளிவைக்கப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

நான் கேட்பது தேதிகளைப் பற்றித்தான். டிசம்பரில் பாசனப் பொறியாளர் கரையில் இருப்பார். மே மாதமோ, ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன் டெல்டாவில் தூர்வாரும் பணி உச்சத்தில் இருக்கும். துறைத் தேர்வுகளின் இரண்டு பருவமும் இந்தப் பிரிவுக்கு மட்டும் வேலை மிகுந்த பருவமாக அமைந்தது யாரும் திட்டமிட்டதல்ல, யாரும் கவனிக்காததால் வந்தது. 2021-ல் நீர்வளத் துறை தனித் துறையானபோதாவது இதை யோசித்திருக்கலாம். வெள்ளப் பணியில் இருந்ததற்குச் செயற்பொறியாளர் சான்று தந்தால், அடுத்த தேர்வில் தேறியவரைத் தகுதி நாளுக்குள் தேறியவராகக் கருதும் ஒரு விதித் திருத்தம் போதும். கூடவே, தகுதி நாளுக்கு ஓராண்டு முன்பே, யாருக்கு எந்தத் தகுதி குறைகிறது என்ற பட்டியலை ஒவ்வொரு கோட்ட அலுவலகத்திலும் ஒட்டட்டும். என் காலத்தில் அப்படி ஒன்று ஒட்டியிருந்தால் முந்தைய மே மாதமே எழுதியிருப்பேன். எழுதாமல் விட்டது என் சோம்பலும்தான், அதை மறைக்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உதவி செயற்பொறியாளர் ஒருவர்