பாதியாகும் வரை லோடு ஏற்றச் சொன்ன அந்த வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் செய்முறைப் பக்கத்தில், "எந்த ஆம்ப்ளிஃபயராக இருந்தாலும் சரி, அவுட்புட் வோல்டேஜ் பாதியாகும் வரை லோடைக் கூட்டிக்கொண்டே போங்கள். அப்போது இருக்கும் லோடின் ஓம் மதிப்புதான் அவுட்புட் ரெசிஸ்டன்ஸ்" என்று ஒரு வரி வந்திருக்கிறது. கட்டுரையின் மற்ற பகுதிகளில் எனக்குப் பெரிய குறை இல்லை. 'எந்த ஆம்ப்ளிஃபயராக இருந்தாலும் சரி' என்பதை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இதழ் வந்த மறுவாரமே, பக்கத்து ஊர் இளைஞர் ஒருவர் 2N3055 போட்ட ஒரு மைக்செட் ஆம்ப்ளிஃபயரைப் பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். மூடியைக் கழற்றியதுமே கருகிய வாடை. எமிட்டரில் இருக்கும் வெள்ளை செராமிக் ரெசிஸ்டர்களில் ஒன்று குறுக்கே வெடித்திருந்தது. அவுட்புட் டிரான்சிஸ்டர்களை மீட்டரில் வைத்துப் பார்த்தால் கலெக்டரும் எமிட்டரும் ஒன்றாகவே காட்டுகின்றன. "என்ன தம்பி பண்ணுனீங்க?" என்றேன். "புஸ்தகத்துல போட்டிருந்தபடிதானுங்கண்ணா செஞ்சேன். பாதியே ஆகுலீங்க, அதான் இன்னுங் கொஞ்சம் இறக்குனேன்" என்றார். அவர் கையில் இருந்த புத்தகம் உங்கள் இதழ். மாரியம்மன் நோம்பிக்கு வாடகைக்குப் பேசி வைத்திருந்த செட் அது. அவர் மேல் நான் எந்தக் குற்றமும் சொல்ல மாட்டேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இந்த முறையே தவறு என்று நான் எழுதவில்லை. சரியான இடத்தில் இதைவிட எளிய முறை கிடையாது. ஆம்ப்ளிஃபயருக்குள் ஒரு வோல்டேஜும் அதோடு தொடராக ஒரு ரெசிஸ்டரும் இருப்பதாக எடுத்துக்கொள்கிறோம். வெளியே வைக்கும் லோடு உள்ளே இருக்கும் ரெசிஸ்டருக்குச் சமமாகிவிட்டால், இரண்டிலும் ஓடுவது ஒரே கரண்ட் என்பதால் இரண்டிலும் சமமாக வோல்டேஜ் விழும். அதனால்தான் பாதி. கணக்கே போட வேண்டாம். லோடு இல்லாதபோதும் ஏற்றிய பிறகும் உள்ளே இருக்கும் வோல்டேஜ் மாறாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. உங்கள் கட்டுரையாளர் விட்டுவிட்டது இந்த நிபந்தனையைத்தான்.

ஒரு BC547 போட்ட ப்ரீஆம்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட் சப்ளை, கலெக்டரில் 4.7 கிலோ ஓம், அவுட்புட்டில் 10 மைக்ரோஃபாரட் கண்டென்சர். 1 கிலோஹெர்ட்ஸ் சிக்னல் கொடுத்து, வெளியே 1 வோல்ட் அளவுக்கு வரும்படி வைத்து, ஸ்கோப்பில் அலை சுத்தமாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு 10 கிலோ ஓம் பாட் ஒன்றின் நடுக்காலையும் ஓரக்காலையும் கண்டென்சருக்கு வெளியே, அவுட்புட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் போட்டு, 0.5 வோல்ட் வரும் வரை திருப்ப வேண்டும். அப்புறம் பாட்டைக் கழற்றி எடுத்து, தனியாக வைத்து மீட்டரில் ஓம் அளக்க வேண்டும். 4.5 கிலோ ஓம் சுமாருக்கு வரும். கலெக்டர் ரெசிஸ்டரைவிடக் கொஞ்சம் குறைவாக வருவது டிரான்சிஸ்டரின் சொந்த ரெசிஸ்டன்சும் அதற்கு இணையாகச் சேர்ந்துகொள்வதால். இதில் ஒன்றும் புகையாது, பொசுங்காது.

இங்கேகூட, பாட்டைக் கண்டென்சருக்கு உட்பக்கம், நேரே கலெக்டரில் போட்டுவிட்டால் டி.சி. வோல்டேஜே கீழே இறங்கிவிடும். நாம் அளக்க வந்த ஆம்ப்ளிஃபயர் ஒன்று, அளப்பது வேறு ஒன்று என்று ஆகிவிடும். கட்டுரையில் வந்த படத்தில் கண்டென்சரையே காணோம்.

இப்போது அந்தத் தம்பியின் செட்டுக்கு வருகிறேன். ஃபீட்பேக் போட்ட டிரான்சிஸ்டர் பவர் ஆம்ப்ளிஃபயரின் அவுட்புட் ரெசிஸ்டன்ஸ் ஒரு ஓமில் மிகச் சிறிய பங்குதான். 0.06 ஓம் என்றே வைத்துக்கொள்வோம். லோடு இல்லாமல் 10 வோல்ட் தருகிறது. அதைப் பாதியாக்க வேண்டுமானால் 0.06 ஓம் லோடு போட வேண்டும். 5 வோல்ட்டை 0.06 ஆல் வகுத்துப் பாருங்கள், 83 ஆம்பியர் வருகிறது. 2N3055 தாங்கக்கூடிய அதிகபட்ச கலெக்டர் கரண்ட் 15 ஆம்பியர் என்று அதன் டேட்டா ஷீட்டிலேயே போட்டிருக்கிறது. தம்பி ரியோஸ்டாட்டை 1 ஓம் பக்கம் கொண்டு வந்தபோதே அலையின் உச்சியில் 13 ஆம்பியருக்கு மேல் ஓடியிருக்கும். அதற்குப் பிறகும் "பாதியாகும் வரை" என்று புத்தகம் சொன்னால் மனிதர் என்ன செய்வார்?

சரி, ப்ரொடெக்‌ஷன் சர்க்யூட் இருக்கும் செட்டாக இருந்தால் எரியாதே என்று உங்கள் கட்டுரையாளர் சொல்லலாம். எரியாது, ஆனால் பொய்யான விடை கிடைக்கும். என்னைக் கேட்டால் அதுதான் பெரிய கெடுதல். எரிந்தால் தப்பு நடந்தது உடனே தெரிந்துவிடும். எரியாமல் ஒரு ஓம் மதிப்பு கிடைத்தால் அதை ரெக்கார்ட் நோட்டில் எழுதி வைத்துக்கொள்வார்கள்.

என் மகள் பாலிடெக்னிக்கில் படித்தபோது இதே சோதனையை 741 ஆப்-ஆம்ப்பில் செய்யச் சொன்னார்கள். கெயின் 10, அவுட்புட் உச்சி 5 வோல்ட். லோடு 100 ஓமுக்கு வந்ததும் உச்சி 2.5 வோல்ட் ஆனது. அவுட்புட் ரெசிஸ்டன்ஸ் 100 ஓம் என்று எழுதினாள், சிவப்பு மையில் சரி போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அந்த நோட்டைப் பார்த்தபோது எனக்கு மனசே ஆறவில்லை. அதே சர்க்யூட்டை என் மேஜையில் போட்டு, உச்சியை 1 வோல்ட்டுக்குக் குறைத்து மறுபடி செய்யச் சொன்னேன். இந்த முறை 20 ஓம் சுமாரில் பாதியானது. ஐசி அதே, கெயின் அதே. நேற்று 100 ஓம், இன்று 20 ஓம் என்றால் அது எப்படி ரெசிஸ்டன்ஸ் ஆகும்?

2.5 வோல்ட்டை 100 ஆல் வகுத்தாலும், 0.5 வோல்ட்டை 20 ஆல் வகுத்தாலும் 25 மில்லி ஆம்பியர்தான் வருகிறது. 741 வெளியே தருவதே சுமார் அவ்வளவு கரண்ட்தான், அதற்கு மேல் உள்ளே இருக்கும் தடுப்பு விடாது. ஆக மகள் அளந்தது கரண்ட் லிமிட்டை. ஸ்கோப்பில் பார்த்தபோது அலையின் தலையும் அடியும் தட்டையாக வெட்டுப்பட்டு நின்றன. கல்லூரியில் உச்சியின் உயரத்தை மட்டும் பார்த்தார்கள், அலையின் வடிவத்தைக் கவனிக்கவில்லை, அதனால் அது தெரியாமலே போய்விட்டது. உண்மையில் ஃபீட்பேக்குடன் இருக்கும் அந்த சர்க்யூட்டில் 1 கிலோஹெர்ட்ஸில் அவுட்புட் ரெசிஸ்டன்ஸ் ஒரு ஓமுக்கும் குறைவு. ஆகவே, சிக்னலைப் பாதியாக்கி மறுபடி அளந்து பாருங்கள், விடை மாறினால் அது ரெசிஸ்டன்ஸ் அல்ல என்ற ஒரே ஒரு வாக்கியம் உங்கள் கட்டுரையில் இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

பவர் ஆம்ப்ளிஃபயரில் பாதி வரை போகவே தேவையில்லை. பட்டறையில் நான் செய்வது இப்படித்தான். 8 ஓம், 50 வாட் வயர்வவுண்ட் ரெசிஸ்டர் ஒன்று வைத்திருக்கிறேன். சாதாரண டிஜிட்டல் மீட்டர் அதிக ஃப்ரீக்வென்சியில் ஏ.சி.யைச் சரியாகக் காட்டாது என்பதால் 200 ஹெர்ட்ஸ் சிக்னல் கொடுப்பேன். போன வாரம் பார்த்த ஒரு செட்டில் லோடு இல்லாமல் 10.00 வோல்ட், 8 ஓம் போட்டதும் 9.92 வோல்ட். ஓடிய கரண்ட் 1.24 ஆம்பியர், காணாமல் போனது 0.08 வோல்ட். 0.08ஐ 1.24ஆல் வகுத்தால் 0.065 ஓம், முடிந்தது வேலை. மீட்டரின் கடைசி இலக்கம் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் விடை எட்டில் ஒரு பங்கு நகரும், ஆகவே 0.06 ஓம் சுமார் என்று சொன்னால் போதும், அதற்கு மேல் துல்லியம் கொண்டாட முடியாது. ரெசிஸ்டர் சுடும், கை வைக்கக் கூடாது.

மீட்டரின் முனைகளை ஆம்ப்ளிஃபயரின் டெர்மினலிலேயே வைக்க வேண்டும். லோடு இருக்கும் இடத்தில் வைத்தால் வயரின் ரெசிஸ்டன்சும் சேர்ந்துவிடும். அரை சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் ஒரு மீட்டர் நீளம் போட்டாலே, போக வர இரண்டு கம்பியும் சேர்ந்து கிட்டத்தட்ட 0.07 ஓம் ஆகிவிடும். அளக்க வந்ததைவிட வயரே அதிகம்!

ஆசிரியரே, உங்களுக்குத் தெரியாத எதையும் நான் எழுதிவிடவில்லை. தெரிந்தும் இப்படி வருகிறதே என்பதுதான் வருத்தம். முன்பு ஓர் இதழில் பவர் சப்ளை படத்தில் எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சரின் பிளஸ் மைனஸ் மாறி வந்தது. எழுதிப் போட்டேன், திருத்தம் வரவே இல்லை. இன்னொரு முறை, டெர்மினலில் 8 ஓம் என்று எழுதியிருந்தால் அதுதான் ஆம்ப்ளிஃபயரின் அவுட்புட் ரெசிஸ்டன்ஸ் என்று கேள்வி-பதிலில் போட்டீர்கள். எந்த ஸ்பீக்கரை மாட்டலாம் என்பதற்காக எழுதியது அது. உண்மையிலேயே உள்ளே 8 ஓம் இருந்தால் 8 ஓம் ஸ்பீக்கரை மாட்டியதும் வோல்டேஜ் பாதியாக விழுமே, எந்தக் கோயில் செட்டில் அப்படி விழுந்து பார்த்திருக்கிறீர்கள்? அதற்கும் எழுதினேன். வாசகர் கடிதத்தில் என் பாராட்டு வரியை மட்டும் போட்டுவிட்டு மீதியை வெட்டிவிட்டீர்கள். இந்த முறை பாராட்டு எதுவும் எழுதாமல் விட்டதற்கு அதுதான் காரணம்.

இந்தப் பக்கத்தில் தறிப்பட்டறை வேலை முடிந்து ராத்திரி உட்கார்ந்து உங்கள் இதழைப் பார்த்து சர்க்யூட் கட்டுகிற பையன்கள் நிறையப் பேர். அவர்களுக்கு ஆங்கிலப் புத்தகம் கிடையாது, கேட்டுத் தெரிந்துகொள்ள வாத்தியாரும் கிடையாது. நீங்கள் போட்டதுதான் அவர்களுக்குப் பாடம்.

நான் கேட்பது இதுதான். அடுத்த இதழின் அதே செய்முறைப் பக்கத்தில், பாதியாக்கும் முறை அந்த BC547 ப்ரீஆம்ப் போன்ற சிறிய சிக்னல் சர்க்யூட்டுக்கு மட்டும், பவர் ஆம்ப்ளிஃபயருக்கோ ஃபீட்பேக் போட்ட ஆப்-ஆம்ப்புக்கோ அல்ல என்று நான்கு வரி போடுங்கள். வாசகர் கடிதப் பகுதியில் வேண்டாம், செய்முறைப் பக்கத்திலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
மைக்செட் பழுது பார்க்கும் ஒரு நெடுநாள் வாசகர்,
கோபிசெட்டிபாளையம்