எஷ்டு என்று கேட்டால் ட்வென்டி என்கிறார்கள்: மாப்பிள்ளைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ பொரிந்து தள்ளியபோது என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை, பக்கத்தில் உன் அத்தை குக்கரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். "மாமா, ஆறு மாசமா கன்னடம் படிக்கிறேன், கடையில போய் எவ்வளவுங்கிறதுக்கு எஷ்டுன்னு கேட்டா ட்வென்டி ருபீஸ் சார்ங்கிறாங்க, அப்புறம் எதுக்குப் படிக்கணும்?" என்று கேட்டாய். நானும் பெங்களூருக்கு வந்த புதிதில் இதே பாட்டைத்தான் பாடினேன். என்னிடமாவது பாதிப் பேர் தமிழில் பதில் சொன்னார்கள். உன் ஷூவையும் முதுகுப் பையையும் பார்த்தால் இங்கிலீஷ்தான் வரும், அதற்கு நீ ஒன்றும் செய்ய முடியாது.

முதலில் ஒன்று கேட்கிறேன், யோசித்துச் சொல். கடைக்காரர்கள் எப்போது இங்கிலீஷுக்கு மாறுகிறார்கள்? நீ வாயைத் திறந்த உடனேயா, அல்லது அவர்கள் திருப்பி ஏதோ கேட்டு நீ முழித்த பிறகா? எனக்குப் பெரும்பாலும் இரண்டாவதுதான் நடந்தது. வீட்டிலேயே பத்து முறை சொல்லிப் பார்த்துவிட்டு, கீரை விற்கும் அம்மாவிடம் "கொத்தம்பரி கட்டு எஷ்டு?" என்று சுத்தமாகக் கேட்பேன். அந்தம்மா கன்னடத்தில்தான் பதில் சொல்வார். அதோடு விடாமல் "சில்ரெ இதியா?" என்று ஒரு கேள்வியையும் போடுவார். நான் நிற்பேன். இரண்டு விநாடி இருக்கும், அதற்குள் "சேஞ்ச், சேஞ்ச் சார்" என்று வந்துவிடும். பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள், ஒரு கையில் தராசு, ஒரு கையில் பை. நான் படிப்பதற்காக அவர் வியாபாரத்தை நிறுத்தி வைக்க முடியுமா?

ஆக, நீ மனப்பாடம் செய்ய வேண்டியது உன் கேள்வியை மட்டும் அல்ல, அவர்கள் திருப்பிக் கேட்கப் போவதையும்தான். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருஷம் ஆனது. நல்லவேளையாக ஒரு காய்கறிக் கடையில் உன்னை என்னவெல்லாம் கேட்பார்கள் என்று பார்த்தால் அது விரல் விட்டு எண்ணக்கூடியதுதான். எது வேண்டும் என்பதற்கு "யாவ்து பேக்கு?", எவ்வளவு என்பதற்கு "எஷ்டு பேக்கு?", வேறு ஏதாவது என்பதற்கு "பேரெ ஏனாத்ரூ?", சில்லறைக்கு மேலே சொன்னது, பைக்கு "கவர் பேக்கா?". அவ்வளவுதான், சுற்றிச் சுற்றி இவையே வரும். இவற்றுக்குப் பதில் அரைக் கிலோ போதும் என்பதற்கு "அர்த கேஜி சாக்கு", வேண்டாம் என்பதற்கு "பேட", இருக்கிறது என்பதற்கு "இதெ", இல்லை என்பதற்கு "இல்ல" என்று ஒன்றிரண்டு சொல்லில் முடியும். பதில் சின்னதாக இருப்பது தப்பே இல்லை, உடனே வந்தால் போதும். இலக்கணம் கோணலாக இருந்தாலும் உடனே வரும் பதிலுக்கு அவர்கள் கன்னடத்திலேயே தொடர்வார்கள். அழகான வாக்கியத்தை நீ யோசித்து எடுப்பதற்குள் அவர்கள் இங்கிலீஷுக்குப் போயிருப்பார்கள்.

எண்களில் மட்டும் ஜாக்கிரதை. இருபது இப்பத்து, எழுபது எப்பத்து, எண்பது எம்பத்து. சந்தை இரைச்சலில் இப்பத்தும் எப்பத்தும் ஒன்றுபோலவே காதில் விழும். நான் ஒருமுறை எழுபது ரூபாய்க்கு இருபதை நீட்டிவிட்டு வெற்றிப் புன்னகையோடு நின்றேன், "செவன்டி சார், செவன்டி" என்று கேட்ட பிறகுதான் விஷயம் புரிந்தது. சந்தேகம் வந்தால் "எஷ்டு? எப்பத்தா?" என்று அந்த எண்ணையே திருப்பிக் கேள். "ஆங்?" என்று மட்டும் கேட்டால் அடுத்த பதில் இங்கிலீஷில்தான் வரும்.

அடுத்தது நம் உச்சரிப்பு. இதில் தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. நீ நோட்டில் தமிழ் எழுத்தில் கன்னடம் எழுதி வைத்திருப்பாய், சத்தியம் செய்து சொல்வேன். அதைத் தூக்கிப் போடு. வேண்டும் என்பதற்கு உள்ள சொல்லைத் தமிழில் "பேகு" என்று எழுதினால் நம் வாய் பழக்கத்தில் அந்தக் க-வை மெலிதாக்கிவிடும், நடுவில் ஒற்றையாக வரும் க-வை நாம் அப்படித்தான் படிப்போம். கன்னடத்தில் அந்த இடத்தில் அழுத்தமான க வர வேண்டும், மெலிதாகச் சொன்னால் "சீக்கிரம்" என்று பொருள்படும் "பேக" பக்கமாகப் போய்விடும். சாப்பாட்டுக்கும் அதே கதி, "ஊட" என்று எழுதி வைத்துக்கொண்டு மெலிந்த ட-வோடு கேட்கிறோம். அதனால்தான் மேலே "பேக்கு" என்று எழுதினேன், சாப்பிட்டாச்சா என்று கேட்கும் "ஊட்ட ஆய்த்தா?" என்பதையும் அப்படித்தான் எழுதுவேன்.

ஆனால் இந்த ஒற்றெழுத்துத் தந்திரமும் எல்லா இடத்திலும் உதவாது. கதைக்கும் கழுதைக்கும் கன்னடத்தில் உள்ள வித்தியாசமே அழுத்தமான த ஒன்றா இரண்டா என்பதுதான். தமிழ் எழுத்தில் ஒற்றை அழுத்தத் த-வைக் காட்ட வழியே இல்லை, ஒன்று கதெ ஆகும், இல்லாவிட்டால் கத்தெ ஆகும். குழந்தையிடம் கதை சொல்கிறேன் என்று ஆரம்பித்துக் கழுதை சொன்னால் குழந்தைக்குச் சந்தோஷம்தான், அது வேறு. சொல்லின் முதலிலும் இதே தொல்லை. தெரியாது என்பதை "கொத்தில்ல" என்று எழுதி வைத்திருப்பாய், அதில் வருவது கொத்தமல்லியின் க இல்லை, கோபால் என்பதில் வரும் க. இதற்கெல்லாம் கன்னட எழுத்தைக் கற்றுக்கொள்வதுதான் தீர்வு. பஸ் போர்டுகளில் கன்னடமும் இங்கிலீஷும் சேர்ந்தே இருக்கும், டிராஃபிக்கில் நிற்கும் நேரத்தில் படித்துப் பழகு, இந்த ஊரில் அந்த நேரத்துக்குப் பஞ்சமே கிடையாது.

நமக்குச் சாதகமானதையும் சொல்லிவிடுகிறேன். தமிழில் ப-வில் ஆரம்பிக்கும் பழைய சொற்கள் பல அங்கே ஹ-வில் ஆரம்பிக்கும். பால் ஹாலு, பூ ஹூவு, பத்து ஹத்து, புளி ஹுளி, பணம் ஹண, பாட்டு ஹாடு. கடைசியில் மெய்யெழுத்தில் முடிவதைப் பல சமயம் ஒரு உகரம் போட்டு முடிப்பார்கள். இது பிடிபட்டுவிட்டால் தெரியாத சொல்லையும் பாதி ஊகிக்கலாம். ஆனால் இதை நம்பித் துள்ளக் கூடாது. நம் பேட்டை அங்கே "பேட்டெ" என்று ப-விலேயேதான் நிற்கிறது, வடமொழியிலிருந்து வந்த "புஸ்தக" மாதிரி சொற்களும் அப்படித்தான். ஹ போட்டால் கன்னடம் ஆகிவிடும் என்று நினைத்த காலத்தில் நான் மளிகைக் கடையில் ஒரு கிலோ "ஹக்கி" கேட்டேன். அரிசி "அக்கி". ஹக்கி என்றால் பறவை. கடைக்காரர் சிரித்து முடித்துவிட்டு "எந்த அரிசி சார், பொன்னியா?" என்று தமிழில் கேட்டார்.

சரி, இவ்வளவு செய்தும் மாறிவிட்டார்கள் என்றால்? "ப்ளீஸ் ஸ்பீக் இன் கன்னடா" என்று இங்கிலீஷில் கெஞ்சாதே, அதைக் கேட்கவே வேடிக்கையாக இருக்கும். அவர்கள் இங்கிலீஷில் கேட்டதற்கு நீ கன்னடத்திலேயே பதில் சொல்லிக்கொண்டு போ. "ஹாஃப் கேஜி?" என்றால் ஆமாம் என்பதற்கு "ஹௌது" போட்டு "ஹௌது, அர்த கேஜி". அவர்கள் அவர்கள் பாட்டுக்கு, நீ உன் பாட்டுக்கு. இரண்டு மூன்று சுற்றில் பலர் தன்னால் திரும்பி வந்துவிடுவார்கள், வராவிட்டால் காசைக் கொடுத்துவிட்டு வந்துவிடு. கடையில் கூட்டம் இல்லை, மத்தியானம் மூன்று மணி, அந்தம்மா சும்மா பூ கட்டிக்கொண்டிருக்கிறார் என்றால் மட்டும் "கன்னடதல்லே ஹேளி, கலீதா இதீனி" என்று சிரித்துக்கொண்டே சொல்லிப் பார், கன்னடத்திலேயே சொல்லுங்கள், கற்றுக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். சாயங்காலம் ஏழு மணிக்கும் பஸ் கண்டக்டரிடமும் இதைச் சொல்லாதே. டாக்டரிடம் எந்த நேரத்திலும் வேண்டாம், வயிற்று வலி எங்கே என்று சொல்வதில் பயிற்சி எடுக்காதே.

இன்னொன்று, எதிரில் இருப்பவருக்கே கன்னடம் தாய்மொழியா என்று பார்த்துக்கொள். நீ இருக்கும் ஒயிட்ஃபீல்டில் பில் போடும் பையன் எந்த ஊரிலிருந்தும் வந்திருக்கலாம். அவன் இங்கிலீஷுக்கு மாறினான் என்று நீ மனம் நொந்துபோவதில் அர்த்தமே இல்லை.

நீ கன்னடத்தில் ஆரம்பித்தாலும் இங்கிலீஷுக்கே போய்விடும் உன் ஆபீஸ் நண்பன் விஷயம் கொஞ்சம் வேறு. அவனோடு உனக்கு முதல் நாளிலிருந்தே இங்கிலீஷில்தான் பழக்கம். ஒருவரோடு ஒரு மொழியில் பழகிவிட்டால் மாற்றுவது கஷ்டம், உன் அம்மாவிடம் நீ இங்கிலீஷில் பேசிப் பார், உடம்பு சரியில்லையா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். அவன் மாறுவது உன் கன்னடத்தைக் குறை சொல்வதற்காக இல்லை, பழக்கம் அவனை இழுக்கிறது. "இனிமே கன்னடத்துல பேசு" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் அது அரை மணி நேரம் தாங்கினால் அதிகம். நேரமும் இடமும் குறித்துக்கொள். என் நண்பர் ஒருவரோடு நான் அப்படித்தான் செய்தேன். காபிக்கு இறங்கும்போது லிஃப்ட் கதவு மூடியதிலிருந்து நின்றபடியே சாப்பிடும் தர்ஷினி ஹோட்டலில் காபி குடித்துத் திரும்பி வரும்வரை, கால் மணி நேரம் இருக்கும், கன்னடம் மட்டும். மேலே வந்ததும் பழையபடி இங்கிலீஷ்.

அந்தக் கால் மணி நேரத்தில் எனக்குச் சொல் தெரியாமல் போகும், தினமும் போகும். அப்போது இங்கிலீஷ் சொல்லைச் செருகினால் அவரும் கூடவே வழுக்கிவிடுவார். அதனால் பொருளைக் காட்டி "இதக்கெ ஏனந்தாரெ?" என்பேன், இதற்கு என்ன சொல்வார்கள் என்று அர்த்தம். யோசிக்க நேரம் வேண்டுமென்றால் நம் "அது வந்து..." மாதிரி அங்கே "அந்த்ரெ..." என்று இழுக்கலாம். இந்த ஒரு சொல்லுக்காகவே நான் கன்னடத்துக்குக் கடன்பட்டிருக்கிறேன். வாய் மூடி நின்றால் உதவிக்கு வந்துவிடுவார்கள், அந்த்ரெ என்று இழுத்தால் காத்திருப்பார்கள். அவர்கள் சொன்னது புரியாவிட்டால், இன்னொரு தடவை சொல்லுங்கள் என்பதற்கு "இன்னொந்து சல ஹேளி". நமக்கு வசதியாக "சரி" அங்கேயும் சரிதான்.

தேறுகிறாயா என்று எப்படித் தெரியும் என்று கேட்பாய். எத்தனையாவது பேச்சில் அவர்கள் மாறினார்கள் என்று எண்ணு. எனக்கு முதலில் ஒன்று, அப்புறம் ரொம்ப நாள் இரண்டிலேயே நின்றது, சில்லறைக் கேள்விக்குப் பதில் பழகிய பிறகு நாலு ஐந்து வரை போனது. கடைக்குக் கடை மாறும். ஒரே கடைக்கு வாராவாரம் போனால் சீக்கிரம் ஏறும், அவர்களுக்கும் உன் முகத்தோடு கன்னடம் ஒட்டிக்கொள்ளும்.

இந்தச் சனிக்கிழமை மல்லேஸ்வரத்துக்கு வா. எட்டாவது கிராஸில் காய்கறி வாங்க வேண்டும். கொத்தம்பரி சொப்பு இரண்டு கட்டு, பீர்க்கங்காயான ஹீரெகாயி அரைக் கிலோ, பச்சை மிளகாயான ஹசி மெணசினகாயி கொஞ்சம், உன் அத்தை லிஸ்ட் போட்டுவிட்டாள். நான் பையைப் பிடித்துக்கொண்டு நாலடி தள்ளி நிற்பேன், வாயைத் திறக்க மாட்டேன். சில்லறை மட்டும் எடுத்துக்கொண்டு வா.

இப்படிக்கு,
மாமா