பேரவைக் கூட்ட அறிவிப்பைத் திருத்தி எழுதுங்கள்: எங்கள் கூட்டுறவு சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயலாட்சியர் அவர்களுக்கும் செயலாளர் அவர்களுக்கும்,

வணக்கம்.

சங்க அலுவலகத்துக்குள்ளே, நகைக்கடன் வட்டி விவரத்துக்குக் கீழே, இந்த ஆண்டின் பேரவைக் கூட்ட அறிவிப்பை ஒட்டியிருக்கிறீர்கள். செப்டம்பர் மாதத்தில், வேலை நாளில், காலை 11 மணிக்குக் கூட்டம். போன வருஷத்து அறிவிப்பில் தேதி மட்டும் மாறியிருக்கிறது. ஏழாவது பொருள்கூட அப்படியே இருக்கிறது: "வினியோகிக்கப்படாத பங்கு ஈவுத் தொகையைச் சேமநிதிக்கு மாற்றம் செய்தல் குறித்து."

அந்த வரியைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். இந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்று, உறுப்பினர்களுக்குப் புரியும்படி திருத்தி, மறுபடி வெளியிடுங்கள் என்பதே என் கோரிக்கை.

போன வருஷம் நடந்தது உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன். எங்கள் தெருவில் இருக்கும் பெரியம்மா ஒருவர் பல வருஷமாக உங்களிடம்தான் பயிர்க்கடன் வாங்குகிறார். ஒவ்வொரு முறையும் கடன் தொகையிலிருந்து கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கொடுப்பார்கள். அது பங்குத் தொகை என்பதோ, அதனால்தான் தான் சங்கத்தின் உறுப்பினர் என்பதோ அவருக்குத் தெரியாது. ஏதோ கட்டணம் என்றே நினைத்திருந்தார். அப்படிச் சேர்ந்த பங்கு 2,400 ரூபாய். ஒரு வருஷம் நூற்றுக்குப் பத்து ஈவு கொடுப்பதாக முடிவானது. அவர் பங்குக்கு 240 ரூபாய். ஏறக்குறைய ஒரு மூட்டை யூரியாவின் விலை. அந்தப் பணத்தை அவர் வாங்கவே இல்லை, ஏனென்றால் அப்படி ஒன்று இருப்பதாக யாரும் அவரிடம் சொல்லவில்லை.

விவரம் தெரிந்து அவரை நான் அலுவலகத்துக்கு அழைத்து வந்தபோது எழுத்தர் பதிவேட்டை எடுத்துக் காட்டினார். துணைவிதியில் குறித்த காலத்துக்குள் வாங்காததால் அந்தத் தொகை சங்கத்தின் பொது இருப்பான சேமநிதிக்குப் போய்விட்டது, பேரவையிலேயே தீர்மானம் ஆகிவிட்டது என்றார். வருகைப் பதிவேட்டில் பெரியம்மாவின் கைரேகையும் இருந்தது. உரம் வாங்க வரிசையில் நின்றபோது "இதிலேயும் ஒண்ணு வச்சிட்டுப் போங்க" என்று நோட்டை நீட்டியிருக்கிறார்கள். அவரும் வைத்துவிட்டார். தன் பணத்தைத் தானே விட்டுக்கொடுத்த கூட்டத்தில் அவர் கலந்துகொண்டதாக இன்றைக்கும் சங்கப் பதிவேடு சொல்கிறது.

240 ரூபாய்க்கு இத்தனை பேச்சா என்று கேட்கலாம். ஆனால் அவரைப் போல எத்தனை பேருடைய தொகை அந்த ஒரே வரியில் போனது என்று அறிவிப்பிலும் இல்லை, கூட்டத்திலும் யாரும் படிக்கவில்லை. துணைவிதி அனுமதிக்கிறது என்றால் சரி, மாற்றுங்கள். அதற்கு முன்னால் யார் யாருக்கு எவ்வளவு பாக்கி, எந்தத் தேதிக்குள் வந்து வாங்கலாம் என்று சொல்லிவிட்டு மாற்றுங்கள். உறுப்பினருக்குச் சொல்லாமல் அவர் பணத்தின் மேல் தீர்மானம் போடுவதை எந்தத் துணைவிதியைக் காட்டியும் நியாயப்படுத்த முடியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நகைக்கடன் தவணை தவறினால் ஏல அறிவிப்பு பதிவுத் தபாலில் வீட்டுக்கே வருகிறது. கதவு எண் தவறுவதில்லை, பெயரில் எழுத்துப் பிழை இல்லை. பாக்கி கேட்டு ஆள் வருகிறார், போன் வருகிறது. அதே உறுப்பினரைக் கூட்டத்துக்கு அழைக்க மட்டும் முகவரி கிடைப்பதில்லை, கைப்பேசி எண் கிடைப்பதில்லை. வாங்கும்போது தேடி வருகிற சங்கம், கொடுக்க வேண்டியதையும் கேட்க வேண்டியதையும் சுவரில் ஒட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வது எங்களை மிகவும் வருத்துகிறது. இந்த மாவட்டத்துச் சங்கங்களில் பலவற்றில் இதுதான் நிலைமை என்று கேள்விப்படுகிறேன். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்த மடல் முடியாது. நம் சங்கத்துக்கே வருகிறேன்.

உங்கள் அறிவிப்பின் முதல் பத்தி இப்படி இருக்கிறது: "இச்சங்கத்தின் பேரவைக் கூட்டம் கீழ்க்கண்ட பொருள்கள் குறித்து ஆலோசித்து முடிவெடுக்கும் பொருட்டு செயலாட்சியர் தலைமையில் சங்க வளாகத்தில் நடைபெறவுள்ளதால் அங்கத்தினர்கள் தவறாது கலந்துகொள்ள வேண்டுமாய் இதன்மூலம் அறிவிக்கப்படுகிறது." இதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். பேரவை அறிவிப்பு சட்டப்படியான ஆவணம். சங்கப் பெயர், பதிவு எண், தேதி, நேரம், இடம், பொருள்கள், கையொப்பம் எல்லாம் முறைப்படி இருக்கத்தான் வேண்டும். அறிவிப்பில் இல்லாத பொருளில் தீர்மானம் போட்டால் நாளைக்கு யாரும் அதை எதிர்த்துக் கேட்கலாம் என்பதும் தெரிந்ததே. எனவே அந்த முறைமை அப்படியே இருக்கட்டும். ஒவ்வொரு பொருளின் கீழும், உறுப்பினருக்கு அதில் என்ன இருக்கிறது என்று இரண்டு வரி சேருங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

எப்படி என்று கேட்பீர்கள் என்பதால் நானே எழுதிப் பார்த்தேன். தொகைகளை உங்கள் பேரேட்டைப் பார்த்து நிரப்பிக்கொள்ளுங்கள்.

பேரவைக் கூட்ட அறிவிப்பு

அன்புள்ள உறுப்பினருக்கு,

வணக்கம். நம் சங்கத்தின் ஆண்டுப் பேரவைக் கூட்டம் ........ ஞாயிற்றுக்கிழமை மாலை 4 மணிக்குச் சங்க வளாகத்தில் நடைபெறும். தாங்கள் நேரில் வந்து கலந்துகொள்ளுமாறு அன்புடன் அழைக்கிறோம். பந்தலும் நாற்காலியும் குடிநீரும் இருக்கும்.

பயிர்க்கடன் வாங்கியபோது பங்குத் தொகை செலுத்திய ஒவ்வொருவரும் இச்சங்கத்தின் உறுப்பினர். எத்தனை பங்கு இருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்கு. தங்களுக்குப் பதிலாக வேறொருவர் வாக்களிக்க முடியாது. உறுப்பினர் அட்டை அல்லது ஆதார் அட்டையைக் கொண்டு வரவும். வருகைப் பதிவேட்டில் கூட்ட இடத்தில் மட்டுமே கையொப்பம் பெறப்படும்.

*பொருள் 1. தணிக்கை அறிக்கை.* கூட்டுறவுத் தணிக்கைத் துறை நம் கணக்கைச் சரிபார்த்துச் சுட்டிய குறைகளும், அவற்றுக்குச் சங்கம் எடுத்த நடவடிக்கையும் படிக்கப்படும். அறிக்கையின் படியைக் கூட்டத்துக்கு முன்பே அலுவலகத்தில் பார்க்கலாம்.

*பொருள் 2. நிகர இலாபம் ரூ. ........ஐப் பிரித்தல்.* சேமநிதிக்கு ரூ. ........, கூட்டுறவுக் கல்வி நிதிக்கு ரூ. ........, பங்கு ஈவுக்கு நூற்றுக்கு ........ வீதம். 1,000 ரூபாய் பங்கு உள்ளவருக்கு ரூ. ........ கிடைக்கும்.

*பொருள் 3. வாங்கப்படாத பங்கு ஈவு.* ........ உறுப்பினர்கள் இன்னும் வாங்காத ஈவு ரூ. ........ சங்கத்தில் இருக்கிறது. பெயர்ப் பட்டியல் அலுவலகத்திலும் ரேஷன் கடையிலும் வைக்கப்பட்டுள்ளது. ........ தேதிக்குள் வந்து பெற்றுக்கொள்ளலாம். இறந்த உறுப்பினரின் வாரிசுகள் எழுத்தரை அணுகவும். அதன் பிறகும் மீதமிருக்கும் தொகையைத் துணைவிதி எண் ........இன்படி சேமநிதிக்கு மாற்றலாமா என்று பேரவை முடிவு செய்யும்.

*பொருள் 4. உறுப்பினர்களின் கேள்விகள்.* இதில் பேசலாம், கேட்கலாம். தீர்மானம் எதுவும் நிறைவேற்றப்படாது.

தவணை கடந்த கடன் உள்ளவர்கள் தயங்காமல் வரலாம். கூட்டத்தில் யாரிடமும் பாக்கி கேட்கப்படாது.

இப்படிக்கு,
செயலாட்சியர்

இதுதான் நான் எழுதியது. மற்ற பொருள்களையும் இதே மாதிரி சேர்த்துக்கொள்ளலாம். நான்காவதாக எழுதியிருப்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். உங்கள் அறிவிப்பில் "தலைவர் அனுமதியுடன் இதர பொருள்கள்" என்று கடைசியில் ஒரு வரி இருக்கிறது. அதன் கீழ் எதை வேண்டுமானாலும் கொண்டு வந்து கைதட்டலோடு முடித்துவிடலாம். கூட்டத்துக்கு வராதவருக்கு அப்படி ஒன்று வரப்போவதே தெரியாது. எனவே அதைக் கேள்விகளுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தியிருக்கிறேன்.

கடைசி வரியும் காரணமில்லாமல் சேர்த்ததில்லை. பாக்கி உள்ளவர்கள் கூட்டத்துக்கு வராமல் இருப்பதற்குப் பெரிய காரணம், பத்துப் பேர் முன்னால் தங்கள் பெயரைப் படித்துவிடுவார்களோ என்ற பயம். அவர்களுக்கு வாக்குரிமை உண்டா என்பதைத் துணைவிதியைப் பார்த்து நீங்களே தெளிவாக எழுதுங்கள். ஊகத்துக்கு விட்டால் யாரும் வரமாட்டார்கள்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். செப்டம்பரில் இங்கே ஒரு பக்கம் குறுவை அறுப்பு, மறுபக்கம் சம்பா நடவு. காலை 11 மணிக்கு வயலில் இல்லாதவர் யார்? கூலியை விட்டுவிட்டு வந்து உட்காரப் பெண்களால் முடியாது. ஆள் சேராததால்தான், கூட்டம் செல்ல வேண்டிய குறைந்தபட்ச ஆள் கணக்கான குறைவெண்ணுக்காக நோட்டைத் தூக்கிக்கொண்டு உர வரிசைக்கும் ரேஷன் கடைக்கும் போக வேண்டியிருக்கிறது. ஞாயிறு மாலை என்றால் ஊழியர்களுக்கு விடுமுறை போகும், அது எனக்கும் தெரியும். அவர்களுக்கு வேறொரு நாள் ஈடாகக் கொடுங்கள். அவர்களும் ஆண்டு முழுக்க எங்களோடு வெயிலில் நிற்கிறவர்கள்தான்.

திருத்திய அறிவிப்பு எல்லாருக்கும் போய்ச் சேர வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேட்கிறேன். கடன் விண்ணப்பத்தில் எல்லாருடைய கைப்பேசி எண்ணும் இருக்கிறது. தேதி, நேரம், "உங்கள் ஈவுப் பாக்கி எவ்வளவு என்று அலுவலகத்தில் கேளுங்கள்" என்ற மூன்றும் இருந்தால் ஒரு குறுஞ்செய்தி போதும். படிக்காதவர்களுக்காக முதல் நாள் சாயங்காலம் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஒரு சுற்று வரச் சொல்லுங்கள்.

நம் அரசியலமைப்பின் 43-ஆ பிரிவு, கூட்டுறவு சங்கங்களின் ஜனநாயகக் கட்டுப்பாட்டை வளர்க்க அரசு முயல வேண்டும் என்கிறது. தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழு இல்லாமல் செயலாட்சியர் நடத்தும் சங்கத்தில், உறுப்பினர் வாய் திறக்கக் கிடைக்கும் இடம் பேரவை ஒன்றுதான். அதற்கான அழைப்பும் புரியாமல் போனால் எங்களுக்கு வேறு வழியில்லை.

அய்யா, மறுபடி பணிவோடு கேட்கிறேன். சுவரில் இருக்கும் அறிவிப்பை எடுத்துவிடுங்கள். துணைவிதி கேட்கும் கால அவகாசம் கொடுத்துப் புதிய தேதியில் கூட்டத்தை வையுங்கள். பெயர்ப் பட்டியலை வெளியிட்டு, அவரவர் வந்து வாங்க அவகாசம் கொடுக்கும் வரை ஏழாவது பொருளை எடுத்துக்கொள்ளாதீர்கள். போன வருஷம் மாற்றிய தொகையில் பெரியம்மாவுடையது போல எத்தனை இருக்கிறது என்று கணக்கெடுத்து, திருப்பிக் கொடுக்க வழி உண்டா என்று கூட்டுறவுத் துறையின் சரகத் துணைப்பதிவாளரிடம் எழுத்துமூலம் கேளுங்கள். அந்தக் கடிதத்தின் நகலையும் பேரவையில் படித்துக் காட்டுங்கள்.

பட்டியல் எழுத ஆள் போதவில்லை என்றால் சொல்லுங்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் இரண்டு பேரோடு நானும் வந்து உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சங்கத்தின் 'அ' வகுப்பு உறுப்பினர்களில் ஒருவர்