ரசீதில் முழு முகவரியை அச்சிடுங்கள்: கியோஸ்க் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

கிரிப்டோ கியோஸ்க் நடத்தும் நிறுவனங்களின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவினருக்கு,

வணக்கம். உங்கள் இயந்திரத்தில் கிரிப்டோ நாணயத்துக்குப் பணம் போட்டு, ரசீதை வாங்கிக்கொண்டு, நாணயம் வந்து சேர வேண்டிய வாலட் செயலியில் ஒன்றும் வராமல் தவிப்பவர்கள் சிலர் என்னிடம் வருவதுண்டு. உங்களை அழைத்துப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். "எங்கள் பக்கம் அனுப்பியாகிவிட்டது, வாலட்காரர்களைக் கேளுங்கள்" என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள். வாலட்காரர்களோ "கியோஸ்க்காரர்களைக் கேளுங்கள்" என்றிருப்பார்கள். இந்தப் பந்தாட்டத்தில் பாதிக்கு மேல் உங்கள் ரசீதால் வருகிறது என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

அண்மையில் நண்பர் ஒருவர் கொண்டுவந்த ரசீதையே எடுத்துக்கொள்வோம். பிட்காயின் வாங்கியிருக்கிறார். இயந்திரத்தின் எண், தேதி, நேரம், போட்ட பணம், உங்கள் கட்டணம், கடைசியில் 0.00214000 BTC என்ற அளவு, எல்லாம் இருக்கின்றன. வாலட் முகவரி மட்டும் bc1q என்று தொடங்கி, நடுவில் புள்ளிகள் வைத்து, கடைசி நான்கு எழுத்துகளோடு முடிகிறது. அதற்குக் கீழே "பரிவர்த்தனை எண்" என்று ஒன்று.

அந்த எண்ணைத்தான் எல்லோரும் முதலில், பொதுப் பதிவேடான பிளாக்செயினைத் தேடிப் பார்க்க உதவும் தளமான பிளாக் எக்ஸ்ப்ளோரரில் போட்டுப் பார்க்கிறார்கள். ஒன்றும் வராது. ஏனென்றால் அது உங்கள் கணக்குப் புத்தகத்து எண்; பிளாக்செயினுக்கு அதைத் தெரியாது. பிட்காயின் பிளாக்செயினில் பரிவர்த்தனையின் அடையாளம் அதன் ஹாஷ்: 0 முதல் 9 வரையிலான இலக்கங்களும் a முதல் f வரையிலான எழுத்துகளும் கலந்த 64 எழுத்துச் சரம். குட்டையான எண் என்றால் அது உங்களுடையது. இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டு, தேடத் தெரியவில்லை என்று வாடிக்கையாளரைக் குறை சொல்வது நியாயமா?

நண்பருக்கு நீங்கள் குறுஞ்செய்தியில் உண்மையான ஹாஷையும் அனுப்பியிருந்தீர்கள். அதற்கு நன்றி. ஆனால் அதைப் போட்டாலும் எக்ஸ்ப்ளோரர் அப்படி ஒரு பரிவர்த்தனையே இல்லை என்றது. வாலட்டிலோ அது காத்திருப்பில் இருப்பதாக ஒரு வரி அப்படியே நின்றது. ஏமாந்துவிட்டோம் என்றே அவர் முடிவு செய்துவிட்டார்.

இங்கேதான் ஹாஷை விட்டுவிட்டு முகவரியைப் பிடிக்க வேண்டும். வாலட்டின் பெறுதல் பக்கத்தில் பழைய முகவரிகள் இருக்கும். முதல் எழுத்துகளும் கடைசி நான்கும் ரசீதோடு ஒத்துப்போகும் முகவரியை எடுத்து இப்படித் தேடினோம்:

```
https://mempool.space/address/வாலட்_முகவரி
```

வந்தது. வேறொரு ஹாஷ், ஒரே பரிவர்த்தனையில் நிறையப் பேருக்குப் பணம், அவற்றில் ஒரு வரி நண்பரின் முகவரிக்கு. அளவு 0.00214000, எட்டு தசம இடமும் ரசீதோடு அச்சாகப் பொருந்தியது. நேரத்தை வைத்துப் பொருத்தப் பார்க்காதீர்கள் என்று வாசகர்களுக்கும் சொல்லிவைக்கிறேன். ரசீதில் இருப்பது காசு போட்ட நேரம், எக்ஸ்ப்ளோரரில் இருப்பது பரிவர்த்தனை வலைப்பின்னலில் தெரிந்த நேரம் அல்லது பிளாக்செயினின் ஒரு பக்கம் போன்ற பிளாக்கில் ஏறிய நேரம். அளவுதான் பொய் சொல்லாது.

நடந்தது இதுதான். பலருடைய வாங்கல்களைச் சேர்த்து ஒரே பரிவர்த்தனையாக அனுப்பியிருக்கிறீர்கள். பரிவர்த்தனைகளைப் பிளாக்கில் ஏற்றும் மைனர்களுக்கான கட்டணத்தைக் குறைவாக வைத்ததால் அது காத்திருப்பு வரிசையான மெம்பூலில் தேங்கிவிட்டது. பிறகு அதே காசைக் கூடுதல் கட்டணத்தோடு மறுபடி அனுப்பி, பழையதை மாற்றியிருக்கிறீர்கள். இது தவறே அல்ல, வழக்கமான வேலைதான். ஆனால் கட்டணம் மாறினால் பரிவர்த்தனையின் உள்ளடக்கம் மாறுகிறது, உள்ளடக்கம் மாறினால் ஹாஷும் மாறுகிறது. புது ஹாஷை நீங்கள் யாருக்கும் சொல்லவில்லை. பழையது செத்ததை அந்த வாலட் செயலியும் உணரவில்லை. அதன் அமைப்பில் போய் மறுபடி ஸ்கேன் செய்யச் சொன்ன பிறகுதான் இருப்பு தெரிந்தது.

ஆக, முகவரியைப் போட்டுத் தேடினால் மூன்றில் ஒன்றுதான் தெரியவரும். பிளாக்கில் ஏறி கன்ஃபர்ம் ஆகிவிட்டது என்று காட்டினால் நீங்கள் உங்கள் வேலையை முடித்துவிட்டீர்கள், தேட வேண்டியது வாலட்டுக்குள். கன்ஃபர்ம் ஆகவில்லை என்று காட்டினால் பணம் வழியில் இருக்கிறது. பிளாக் சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒன்று வந்தாலும், குறைந்த கட்டணம் வைத்தது நெரிசல் நேரத்தில் நாள்கணக்கில் கிடக்கலாம். அதை முடுக்கிவிட அனுப்பியவரான உங்களால் முடியும்.

மூன்றாவது, அந்த முகவரியில் எதுவுமே இல்லாத நிலை. இதைத்தான் நீங்கள் பூசி மெழுகுகிறீர்கள். அடுத்த தொகுப்புக்காகக் காத்திருக்கலாம், முதல்முறை வாங்குபவர் என்று சரிபார்ப்பில் நிறுத்தியிருக்கலாம், இயந்திரம் பணத்தை வாங்கிக்கொண்டு நெட் இல்லாமல் நின்றிருக்கலாம். எதுவானாலும் காசு இன்னும் உங்கள் கையில். அப்போது "அனுப்பியாகிவிட்டது" என்று சொல்லாதீர்கள். யாரோ தொலைபேசியில் மிரட்டி, அவர்கள் கொடுத்த க்யூஆர் கோடுக்குப் பணம் போட வைத்திருந்தால், எளிதாகத் தடுப்பதற்கு இருக்கும் நேரம் இதுதான். பிளாக்கில் ஏறிய பிறகு உங்களாலும் திருப்ப முடியாது, வேறு எவராலும் முடியாது. அதனால் "அனுப்பாதீர்கள், ஏமாற்றுவேலை" என்று ஒருவர் அழைத்தால் அவரை வரிசையில் நிற்க வைக்காதீர்கள்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ரசீதில் முகவரியை முழுதாக அச்சிடுங்கள். bc1q முகவரி பெரும்பாலும் 42 எழுத்துதான், இரண்டு வரியில் அடங்கிவிடும். எல்லோரும் வாலட்டைத் திறந்து பழைய முகவரியைத் தேடக்கூடியவர்கள் அல்ல. புள்ளி வைத்து மறைத்தால், வேறொருவர் முகவரிக்குப் போயிருந்தால் அது எந்த முகவரி என்று கண்டுபிடிக்க வழியில்லை. உங்கள் எண்ணுக்கு "எங்கள் குறிப்பு எண்" என்று பெயர் வையுங்கள். பரிவர்த்தனையை மாற்றி அனுப்பினால் புது ஹாஷோடு இன்னொரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். ரசீது தாளோ சூட்டில் அச்சாகும் வகை, சட்டைப்பையிலேயே வெளுத்துவிடுகிறது. "இப்போதே படம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று திரையில் ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்?

அப்புறம் ஒன்று. தேடுவதற்கு ஹாஷ், முகவரி, அளவு, ரசீதின் படம், இவை போதும். வாலட்டிலுள்ள பணம் முழுவதையும் எடுக்க வழிவிடும் 12 அல்லது 24 மீட்புச் சொற்கள் எதற்கும் தேவையில்லை. உங்கள் பெயரைச் சொல்லி இணையத்தில் பொய்யான உதவி எண்கள் உலவுகின்றன, அவர்கள் முதலில் கேட்பது அந்தச் சொற்களைத்தான். உண்மையான உதவி எண்ணை ரசீதிலேயே பெரிதாகப் போட்டு, "மீட்புச் சொற்களை நாங்கள் ஒருபோதும் கேட்க மாட்டோம்" என்று அதன் கீழேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் இயந்திரங்களைப் பயன்படுத்தும் ஒருவர்