நண்பகல் தடை 10 மணிக்கே தொடங்க வேண்டும்: உப்பள உரிமையாளர்களுக்கும் தொழிலாளர் நலன் பார்க்கும் அதிகாரிகளுக்கும் ஒரு மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். மதியம் 12 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்ற அறிவிப்பைத் தூத்துக்குடியில் எங்கள் அளத்து வாசலிலும் ஒட்டியிருக்கிறார்கள். நன்றி. காலை 6 மணிக்குப் பாத்தியில் இறங்கி 12 மணிக்குக் கரையேறுகிற என் அம்மாவை அந்த அறிவிப்பு ஒரு நிமிடம்கூட வெயிலிலிருந்து காப்பாற்றவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

அறிவிப்பு சூட்டைக் கணக்குப் பார்க்கிறது. கண்ணைக் கெடுப்பது புற ஊதாக் கதிர். இரண்டுக்கும் உச்சம் ஒரே நேரத்தில் வருவதில்லை. காற்று சூடேற நேரம் பிடிப்பதால் 2, 3 மணிக்குத்தான் வெக்கை உச்சத்தைத் தொடும். கதிரோ சூரியன் தலைக்கு மேல் வரும்போது உச்சம்; நம் ஊரில் அது ஏறத்தாழ 12.15. அதற்கு முன்னும் பின்னும் ஒரே அளவில் குறையும். வானம் தெளிவாக இருந்தால் காலை 10.30 மணிக் கதிருக்கும் 2 மணிக் கதிருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 2 மணிக்கு ஆபத்தென்றால் 10.30க்கு எப்படி ஆபத்தில்லாமல் போகும்? கடல்காற்று வீசினால் உடம்புக்கு இதமாக இருக்கும், கதிர் குறையாது. கருவி எதுவும் வேண்டாம், நிழலைப் பார்த்தாலே போதும். நிழல் நம்மைவிடக் குட்டையாகிவிட்டால் கதிர் பலமாகிவிட்டது என்று அர்த்தம்.

அம்மாவின் இடது கண்ணில் மூக்குப் பக்கமிருந்து முக்கோணமாகச் சதை வளர்ந்து கருவிழிமேல் ஏறியது. கருவிழியை அது இழுப்பதால் பார்வை கோணலானது, கண்ணாடி மாற்றியும் எழுத்து இரட்டையாகத்தான் தெரிந்தது. இரண்டு வருடத்துக்கு முன் சதையை எடுத்துவிட்டு, கண்ணின் வெள்ளைப் பகுதியிலிருந்தே மெல்லிய தோலை வைத்து ஒட்டினார்கள். வெயிலில் போகாதீர்கள் என்றார் டாக்டர். அம்மா தலையாட்டிவிட்டு வந்தார். பதினைந்தாம் நாள் உப்பு வாரப் போனார். போகாவிட்டால் சம்பளம் யார் தருவது? போன மாதம் அளத்தில் நடந்த கண் முகாமில், அதே இடத்தில் மறுபடி சதை என்று சொன்னார்கள். இப்போது அம்மா உப்பைப் பார்த்து வாருவதில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, பலகை உரசும் சத்தத்தை வைத்து வாருகிறார்.

ஏன் மூக்குப் பக்கம்? பக்கவாட்டில் நுழையும் ஒளியைக் கருவிழியின் வளைவு லென்ஸ்போல எதிர் ஓரத்தில், அதாவது மூக்குப் பக்கத்தில் குவிக்கிறது. அதனால்தான் தலையில் துண்டு கட்டினாலும் தொப்பி போட்டாலும் போதவில்லை. அளத்தில் வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை, வெள்ளை உப்பிலும் உப்புநீரிலும் பட்டுக் கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் வருகிறது. போன வருடம் நீங்கள் தந்த கறுப்புக் கண்ணாடியைக் குறை சொல்ல மனம் வரவில்லை, ஆனால் சொல்கிறேன். பக்கம் திறந்த கண்ணாடி அது. இருட்டில் கண்பாப்பா விரியும், விரிந்த பாப்பாவுக்குள் ஓரத்துக் கதிர் இன்னும் தாராளமாகப் போகும். கண்ணைச் சுற்றி வளைந்து மூடுகிற, புற ஊதாவைத் தடுக்கிற பாலிகார்பனேட் கண்ணாடி வேண்டும். அது கறுப்பாக இருக்க வேண்டியதுகூட இல்லை. உப்பு பட்டுக் கீறல் விழும், ஆகவே ஒன்று கொடுத்து ஐந்து வருடம் ஓட்ட முடியாது.

“கறுப்புத் தோலுக்கு வெயில் என்ன செய்யும்?” என்று ஒரு மேஸ்திரி சிரித்தார். பாதி சரி. தோல் புற்றுநோய் நமக்கு அரிதுதான். மங்கு வரும், தோல் தடித்துச் சுருங்கும், கண்புரை சீக்கிரம் வரும். கண்ணின் வெள்ளை எல்லோருக்கும் வெள்ளைதானே. பெண்கள் சேலைக்கு மேல் போடும் ஆண்கள் சட்டையும் பாதிக் காவல்தான். நைந்த வெள்ளைப் பருத்தி வியர்வையில் நனைந்தால் கதிரை உள்ளே விட்டுவிடும். நெருக்கமாக நெய்த, அடர்நிறத் துணி தாங்கும், ஆனால் புழுங்கும். அதனால்தான் துணியை முதலில் கேட்கவில்லை, நேரத்தைக் கேட்கிறேன்.

2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தார்கள். உயிர் போனால் 4 லட்சம். நல்லது. கண் மட்டும் போனால் அது பேரிடர் ஆகாதுபோல. ஒரு கண் மிச்சம் இருக்கிறதே! கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும்.

கேட்பது இதுதான்: 10 மணிக்குப் பாத்தியை விட்டு ஏற்றிவிடுங்கள். விடியற்காலை 5 மணிக்கு இறங்கலாம், மீதி வேலையை மாலை 4க்கு மேல் வைக்கலாம், முழு நாள் சம்பளத்தோடு. இருட்டில் பெண்கள் நடந்து வர முடியாது, அதற்கு வேன் வேண்டும். இடைவேளைக்குத் தகரக் கூரை மட்டும் போதாது. உப்பு பார்த்த பக்கத்தில் கீற்றுத் தட்டி கட்டித் தாருங்கள், இல்லாவிட்டால் நிழலுக்குள்ளும் பளபளப்பு வந்துவிடுகிறது.

அறிவிப்பில் 12 என்பதை அடித்துவிட்டு 10 என்று எழுத ஒரு பேனா போதும். தயவுசெய்து இந்த வெயில் காலம் முடிவதற்குள் செய்யுங்கள்.

இப்படிக்கு,
உப்பளத் தொழிலாளி ஒருவரின் மகள்