டிரானெக்சாமிக் அமிலத்தைக் கடைசி மருந்தாக வைக்காதீர்கள்: பிரசவ வார்டுப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும்,

வணக்கம். பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கு நிற்காதபோது கூப்பிடப்படும் மயக்க மருத்துவர்களில் நானும் ஒருத்தி. நான் போய்ச் சேரும்போது ஆக்சிடோசின் ஏறிக்கொண்டிருக்கும், கர்ப்பப்பையைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருப்பார்கள். "டிரானெக்சாமிக் அமிலம் போட்டாச்சா?" என்று கேட்டால், "இதெல்லாம் கேட்கலேன்னா போடலாம்னு இருக்கோம்" என்பதுதான் அடிக்கடி வரும் பதில். இந்தக் காத்திருப்பு ஏன் ஆபத்தானது என்பதைச் சொல்லவே இந்த மடல்.

இந்த மருந்து ரத்தத்தை உறைய வைப்பதில்லை. உடல் ஏற்கெனவே கட்டிய உறைவு கரைந்து போகாமல் காக்கிறது, அவ்வளவுதான். உறைவைத் தாங்கி நிற்பது ஃபைப்ரின் என்ற இழைகளின் வலை. அந்த வலையை வெட்டும் கத்தரிக்கோல், பிளாஸ்மின் என்ற நொதி. அது ரத்தத்தில் பிளாஸ்மினோஜென் என்ற செயலற்ற வடிவில் சுற்றிக்கொண்டிருக்கும். ஃபைப்ரின் இழையில் லைசின் என்ற அமினோ அமிலம் ஆங்காங்கே வெளியே துருத்திக்கொண்டிருக்கும். பிளாஸ்மினோஜென் அந்த லைசினைப் பற்றிக்கொண்டு இழையின் மேல் உட்கார்கிறது. ரத்தக்குழாயின் உள்சுவர் வெளியிடும் டி-பிஏ என்ற தூண்டியும் அதே இழையில் வந்து அமர்ந்து, பிளாஸ்மினோஜெனைப் பிளாஸ்மினாக மாற்றுகிறது. அதன்பிறகு வெட்டு தொடங்குகிறது.

டிரானெக்சாமிக் அமிலம் லைசினைப் போன்ற வடிவம் கொண்ட சிறிய மூலக்கூறு. பிளாஸ்மினோஜென் லைசினைப் பற்றும் இடங்களில் இது முன்கூட்டியே போய் அமர்ந்துவிடுகிறது. அப்புறம் பிளாஸ்மினோஜெனால் இழையைப் பிடிக்க முடியாது, வலை நிலைக்கிறது. 1962இல் ஜப்பானைச் சேர்ந்த உதாகோ ஒகமோட்டோவும் ஷோசுகே ஒகமோட்டோவும் இதைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். பிரசவ ரத்தப்போக்கில் தாய்மார்கள் சாவதைத் தடுக்க வேண்டும் என்பதே அவர்களுடைய நோக்கமாக இருந்தது.

சரி, நேரம் ஏன் இவ்வளவு முக்கியம்? பிள்ளை பிறந்தவுடன் டி-பிஏ வேகமாகச் சுரக்கிறது. உறைவு கட்டக் கட்டக் கரையும் நேரம் அதுதான். இழைகள் வெட்டுப்பட்ட பிறகு மருந்தைக் கொடுத்தால், அவை திரும்ப ஒட்டப்போவதில்லை. உறைவு கட்டத் தேவையான ஃபைப்ரினோஜெனும் அதற்குள் தீர்ந்துகொண்டே போயிருக்கும். விபத்துக் காயமும் பிரசவமுமாக 40,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த 2018ஆம் ஆண்டு ஆய்வில், ஒவ்வொரு 15 நிமிடத் தாமதத்துக்கும் மருந்தின் பலன் ஏறத்தாழ 10 சதவீதம் குறைந்தது. 3 மணி நேரத்துக்குப் பிறகு பலனே இல்லை. காயம்பட்டவர்களுக்குத் தாமதமாகக் கொடுத்தபோது கெடுதலே கூடியது.

ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். சுகப்பிரசவம் முடிந்து 20 நிமிடத்தில் 500 மில்லிக்கு மேல் ரத்தம் போய்விட்டது. ஆக்சிடோசின் கொடுக்கும் அதே கையோடு 1 கிராம் டிரானெக்சாமிக் அமிலத்தை எடுங்கள். பொதுவாகக் கிடைக்கும் 500 மில்லிகிராம் ஆம்பூல் என்றால் இரண்டு, மொத்தம் 10 மில்லி. அதைச் சிரை வழியே நிமிடத்துக்கு 1 மில்லி வீதம் 10 நிமிடத்தில் செலுத்துங்கள். அவசரத்தில் ஒரே தள்ளாகத் தள்ளினால் ரத்த அழுத்தம் இறங்கும், வாந்தியும் வரலாம். 30 நிமிடம் கழித்தும் போக்கு நிற்கவில்லை என்றாலோ, நின்றது 24 மணி நேரத்துக்குள் மறுபடி தொடங்கினாலோ இன்னொரு 1 கிராம். உலக சுகாதார அமைப்பு 2017இல் சொன்ன முறை இதுதான்.

பக்கத்திலேயே ஒரு சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து நிறுத்தி வையுங்கள். சில நிமிடங்களில் கட்டிய உறைவு பிசுபிசுத்துக் கலைந்து மறுபடி திரவமாகிறதா என்று பாருங்கள். அப்படிக் கலைந்தால் கரைப்பு மும்முரமாக நடக்கிறது என்று பொருள். ஆனால் மருந்தைத் தொடங்க இந்தச் சோதனைக்காகக் காத்திருக்க வேண்டாம்.

இதன் எல்லையும் நினைவில் இருக்கட்டும். தளர்ந்த கர்ப்பப்பையை இது இறுக்காது, கிழிசலைத் தைக்காது, உள்ளே தங்கிய நஞ்சுக்கொடியை எடுக்காது. அந்த வேலைகள் கூடவே நடந்தாக வேண்டும். மருந்து சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால் சிறுநீரகக் கோளாறு உள்ளவரிடம் அளவில் கவனம் தேவை. உறைவுக்கட்டி நோய் இப்போது இருப்பவருக்குத் தரக்கூடாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள், இதை இன்றே செய்யலாம். டிரானெக்சாமிக் அமில ஆம்பூலும் முதுகில் போடும் மரப்பு ஊசி மருந்தின் ஆம்பூலும் பார்க்க ஒன்றுபோல இருப்பதுண்டு. தவறிப்போய் இது முதுகுத் தண்டு நீரில் ஏறிவிட்டால் கடும் வலிப்பு, இதயத் துடிப்புக் கோளாறு, பல சமயம் மரணமும் நேரும். ஆகவே அறுவை அரங்கில் மரப்பு மருந்து இருக்கும் தட்டில் இதை வைக்காதீர்கள். பிரசவ அறையின் ரத்தப்போக்குப் பெட்டியில், ஆக்சிடோசினுக்குப் பக்கத்தில், பெயர் பெரிதாக எழுதி வையுங்கள்.

அன்புடன்,
ஒரு மயக்க மருத்துவர்